வேலை என்ன, மேலாளர் யார்? சேர்வதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிய அனுபவம்

இன்டர்வியூவில் என்னிடம் பேசியவர்கள் மூன்று பேர். மூவரும் நல்லவிதமாகத்தான் பேசினார்கள். ஆனால் வெளியே வந்து யோசித்துப் பார்த்தால், மூவரும் மூன்று வெவ்வேறு வேலைகளைப் பற்றிப் பேசியிருந்தார்கள்.

பதவியின் பெயர் ஆபரேஷன்ஸ் கோஆர்டினேட்டர். ஆபரேஷன்ஸ் மேலாளர் சொன்னது இது: ஆர்டர் வந்ததிலிருந்து பொருள் போய்ச் சேரும்வரை எங்கே தாமதமாகிறது என்று கண்காணிக்க வேண்டும், வாரா வாரம் ரிப்போர்ட் தர வேண்டும். நான் அதுவரை செய்துவந்த வேலையும் அதுதான். அடுத்து வந்த விற்பனைப் பிரிவுத் தலைவர், "பெரிய வாடிக்கையாளர்களிடமிருந்து புகார் வந்தால் முதலில் உங்களைத்தான் கூப்பிடுவோம்" என்றார். கடைசியில் ஹெச்.ஆர். அதிகாரி, "ஐந்து பேர் கொண்ட டீம் ஒன்று இருக்கிறது, அதையும் நீங்கள்தான் பார்த்துக்கொள்வீர்கள்" என்றார். நான் யாருக்குக் கீழே வேலை செய்வேன் என்று கேட்டேன். "எல்லோரோடும் சேர்ந்துதான் செய்வீர்கள்" என்று பதில் வந்தது. அன்போடு சொன்ன பதில்தான். ஆனால் என் கேள்விக்கு அது பதில் இல்லை.

சில நாட்களில் போன் வந்தது. "நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள், ஆஃபர் லெட்டர் தயாராகிறது, எப்போது சேர முடியும்?" என்று கேட்டார்கள். இந்தக் கட்டத்தில்தான் நான் எழுத்தில் கேட்டேன். எப்போது கேட்பது என்பதில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது. இன்டர்வியூ முடிந்த கையோடு கேட்டால் அவர்கள் இன்னும் வேறு ஆட்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஒருவருக்காக உட்கார்ந்து விவரம் எழுத யாருக்கும் நேரம் இருக்காது. கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால், பதில் எதுவாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். வாய்மொழியாக "எடுத்துக்கொள்கிறோம்" என்று சொன்னதற்கும் ஆஃபர் லெட்டர் கைக்கு வருவதற்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறதே, அப்போது அவர்களும் நம்மை எதிர்பார்த்திருப்பார்கள், காகிதமும் இன்னும் முடிவாகியிருக்காது. கேட்க ஏற்ற நேரம் அதுதான்.

போனில் நான் சொன்னது இவ்வளவே: "மிக்க மகிழ்ச்சி. சேர எனக்கு ஆர்வம் இருக்கிறது. பணி விவரத்தையும் ரிப்போர்ட்டிங் யாருக்கு என்பதையும் எழுத்தில் பார்த்துவிட்டுத் தேதியை உறுதிசெய்கிறேன். இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறேன்." மறுமுனையில் "சரி" என்றார்கள். ஆர்வத்தை முதலில் சொல்லிவிட்டால், அடுத்து வரும் கேள்வியைத் தயக்கமாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

மின்னஞ்சலை எப்படி எழுதினேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதி விஷயம் அதில்தான் இருக்கிறது. ஜே.டி. என்று சொல்லப்படும் பணி விவரத்தை "தயவுசெய்து அனுப்பவும்" என்று ஒரே வரியில் கேட்டிருந்தால், விளம்பரத்தில் போட்டிருந்த அதே பத்தியை வெட்டி ஒட்டி அனுப்பியிருப்பார்கள். அதனால் நான் புரிந்துகொண்டதை முதலில் எழுதி, தவறு இருந்தால் திருத்தித் தருமாறு கேட்டேன். காலியான தாளில் எழுதச் சொன்னால் தள்ளிப்போடுகிறவர்கள்கூட, தவறாக எழுதியிருப்பதைப் பார்த்தால் உடனே திருத்திவிடுவார்கள். என் மின்னஞ்சல் ஏறத்தாழ இப்படி இருந்தது:

"வணக்கம் மேடம். இந்தப் பதவிக்கு என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி. இன்டர்வியூவில் பேசியதிலிருந்து நான் புரிந்துகொண்டதைக் கீழே எழுதியிருக்கிறேன். முதன்மையான வேலை, ஆர்டர் முதல் டெலிவரி வரையான தாமதங்களைக் கண்காணித்து வாராந்திர ரிப்போர்ட் தயாரிப்பது. இதோடு, பெரிய வாடிக்கையாளர்களின் புகார்களை உரிய பிரிவுக்குக் கொண்டுபோய்த் தீர்வு வரும்வரை பின்தொடர்வது. ஐந்து பேர் கொண்ட டீமைப் பற்றியும் குறிப்பிட்டீர்கள். அவர்கள் எனக்கு ரிப்போர்ட் செய்வார்களா, அல்லது அவர்களுடைய வேலையை நான் ஒருங்கிணைக்க மட்டும் வேண்டுமா என்று தெரியவில்லை. நான் ஆபரேஷன்ஸ் மேலாளருக்கு ரிப்போர்ட் செய்வேன் என்று எண்ணுகிறேன். இதில் எது தவறாக இருந்தாலும் திருத்தி, எழுத்து வடிவிலான பணி விவரத்தையும் சேர்த்து அனுப்பினால், அதைப் பார்த்துவிட்டுச் சேரும் தேதியை உறுதிசெய்கிறேன்."

ஹெச்.ஆர். அதிகாரிக்குத்தான் அனுப்பினேன். விற்பனைத் தலைவரையோ ஆபரேஷன்ஸ் மேலாளரையோ நகலில் சேர்க்கவில்லை. அவர்கள் இருவருக்கும் நடுவில் ஒத்த கருத்து இல்லை என்று எனக்கு அப்போதே சந்தேகம் இருந்தது. அதை எல்லோர் முன்னாலும் போட்டு உடைப்பது, இன்னும் உள்ளேயே வராத என் வேலை இல்லை.

பதிலோடு இரண்டு பக்க ஜே.டி. வந்தது. நான் எழுதியதைத் திருத்தவில்லை, பொதுவான ஒன்றை இணைத்திருந்தார்கள். எந்த நிறுவனத்துக்கும் பொருந்துகிற மாதிரியான ஒன்று. இப்படி ஒன்று கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது வினைச்சொற்களை. "தயாரித்தல்", "சமர்ப்பித்தல்" என்று இருந்தால் வேலை கண்ணுக்குத் தெரிகிறது, முடிந்ததா இல்லையா என்று சொல்லிவிடலாம். "உதவுதல்", "ஆதரவளித்தல்" என்றால் பொறுப்பு வேறொருவருடையது, நாம் கூட நிற்கிறோம். எனக்குக் கவலை தருவது "உறுதிசெய்தல்" என்ற சொல். "குறித்த நேரத்தில் டெலிவரி நடப்பதை உறுதிசெய்தல்" என்று அந்த ஜே.டி.யில் இருந்தது. வண்டி அனுப்புவதும் சரக்கு ஒதுக்குவதும் வேறு பிரிவுகளின் கையில். அந்த முடிவுகளில் எனக்கு எந்த அதிகாரமும் இல்லாமல், விளைவுக்கு மட்டும் நான் பொறுப்பு என்று ஆகிவிடும். ஒவ்வொரு "உறுதிசெய்தல்" பக்கத்திலும் "எந்த அதிகாரத்தோடு?" என்று பென்சிலால் எழுதிக்கொண்டேன்.

கடைசி வரி, "மேலாளர் ஒதுக்கும் பிற பணிகள்". இது ஏறக்குறைய எல்லா ஜே.டி.யிலும் இருக்கும், அதை எடுக்கச் சொல்லி வாதாடுவதில் பயன் இல்லை. ஆனால் அந்த வரியில் "மேலாளர்" என்று ஒருமையில் இருக்கிறது. அந்த ஒருவர் யார் என்று தெரியாதவரை, யார் வேண்டுமானாலும் எந்த வேலையையும் ஒதுக்கலாம் என்பதுதான் அதன் பொருள். நான் ரிப்போர்ட்டிங் பற்றி இவ்வளவு வற்புறுத்திக் கேட்டதற்குக் காரணம் இதுதான். ஜே.டி.யில் அதற்கான கட்டத்தில், "ரிப்போர்ட்டிங்: ஆபரேஷன்ஸ் துறை" என்று மட்டும் போட்டிருந்தார்கள். ஒரு துறைக்கு யாரும் ரிப்போர்ட் செய்ய முடியாது. ஒரு ஆளுக்குத்தான் செய்ய முடியும்.

ஒரு ஊழியர் ஒரே மேலாளரிடமிருந்துதான் உத்தரவு பெற வேண்டும் என்பதை 1916-லேயே ஹென்றி ஃபயோல் நிர்வாகக் கொள்கைகளில் ஒன்றாக எழுதிவிட்டார். பிரெஞ்சுக்காரர், சுரங்கப் பொறியாளராக இருந்து ஒரு பெரிய நிறுவனத்தை நடத்தியவர். இன்றைக்குப் பல இடங்களில் அது அப்படியே நடப்பதில்லை. ஒருவருக்கு நேரடியாகவும் இன்னொருவருக்கு 'டாட்டட் லைன்' என்கிற துணைத் தொடர்பாகவும் ரிப்போர்ட் செய்யும் முறை சகஜமாகிவிட்டது. அதில் தவறில்லை. இரண்டு கோடுகளில் எது முழுக்கோடு, எது புள்ளிக்கோடு என்பது தெரிந்திருந்தால் வேலை நடக்கும். இருவருமே தங்களுடையதுதான் முழுக்கோடு என்று நினைத்துக்கொண்டிருந்தால் நடுவில் இருப்பவர் நசுங்குவார்.

சட்டத்தை நம்பியும் இதை விட்டுவிட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/1152 உத்தரவின்படி, பதவியின் பெயரையோ, தரத்தையோ, வேலையின் தன்மையையோ, அல்லது வேலை பற்றிய சுருக்கமான விவரத்தையோ முதல் வாரத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். பிரிட்டனில் 2020 ஏப்ரல் முதல், பதவியின் பெயரோ சுருக்கமான வேலை விவரமோ முதல் நாளிலேயே தரப்பட வேண்டும். அங்கேகூட, யாருக்கு ரிப்போர்ட் செய்ய வேண்டும் என்பது அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை. அதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

இரண்டாவது மின்னஞ்சலில் "என் மேலாளர் யார்?" என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு மறுபடியும் "ஆபரேஷன்ஸ்" என்றோ "எல்லோரும்" என்றோதான் பதில் வந்திருக்கும். அதற்குப் பதிலாக, மேலாளர் என்பவர் எடுக்கிற முடிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். என் ஆண்டு அப்ரைசலை எழுதி மதிப்பெண் போடுபவர் யார்? என் விடுப்புக்கு ஒப்புதல் தருபவர் யார்? ஒரே நாளில் ஆபரேஷன்ஸ் மேலாளர் ரிப்போர்ட்டும் விற்பனைத் தலைவர் புகார் ஒன்றுக்கு விளக்கமும் கேட்டால், எதை முதலில் செய்வது என்று முடிவு செய்பவர் யார்? ஐந்து பேர் டீம் விஷயத்திலும் அப்படித்தான்: அவர்களுடைய விடுப்புக்கும் அப்ரைசலுக்கும் கையெழுத்து என்னுடையதா? வேறு எதையும் அதில் சேர்க்கவில்லை. வேலை நேரம், சம்பளப் பிரிவுகள் என்று எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் போட்டால், பதில் சொல்ல எளிதானவற்றுக்கு மட்டும் பதில் வரும், முக்கியமானது நழுவிவிடும்.

இந்தக் கேள்விகளின் நல்ல குணம், எல்லாவற்றுக்கும் ஒரே ஆள் பதிலாக வந்தால் ரிப்போர்ட்டிங் தெளிவு, வெவ்வேறு ஆட்கள் வந்தால் எங்கே உரசும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். அப்ரைசல் ஒருவரிடமும் முன்னுரிமை இன்னொருவரிடமும் இருப்பதுதான் எனக்கு மிகவும் தொல்லையாகத் தோன்றுகிறது. ஒருவர் சொன்ன வேலையைச் செய்து, அதைச் செய்ததற்காகவே இன்னொருவரிடம் குறைந்த மதிப்பெண் வாங்க நேரிடும்.

இந்த முறை மின்னஞ்சலில் பதில் வரவில்லை. ஹெச்.ஆர். அதிகாரி போனில் அழைத்தார். "இதெல்லாம் சேர்ந்த பிறகு பேசிக்கொள்ளலாமே? எங்கள் கம்பெனியில் எல்லோரும் நெகிழ்வாகத்தான் வேலை செய்வோம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அவருக்கும் பதில் தெரியவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. "நெகிழ்வாக வேலை செய்ய எனக்கும் சம்மதம்தான் மேடம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்டால் யாரிடம் போய் நிற்பது என்று தெரிந்தால் போதும். உங்களுக்கு அது உறுதியாகத் தெரியாவிட்டால், ஆபரேஷன்ஸ் மேலாளரோடு கொஞ்ச நேரம் பேச ஏற்பாடு செய்ய முடியுமா?" என்று கேட்டேன். ஒப்புக்கொண்டார்.

ஆபரேஷன்ஸ் மேலாளரோடு பேசிய அந்த அழைப்பில்தான் உண்மை வெளியே வந்தது. இந்தப் பதவி புதிது. முன்பு ரிப்போர்ட்டுக்கு ஒருவரும் வாடிக்கையாளர் புகார்களுக்கு ஒருவரும் தனித்தனியாக இருந்திருக்கிறார்கள். இருவருமே போய்விட்டார்கள், அந்த இரண்டு இடங்களையும் சேர்த்து ஒரே பதவியாக்கியிருக்கிறார்கள். ரிப்போர்ட் தயாரித்தவர் ஆபரேஷன்ஸ் பிரிவில் இருந்தவர், புகார்களைப் பார்த்தவர் விற்பனைப் பிரிவில் இருந்தவர். அதனால் புதிதாக வருபவர் தங்களுடைய ஆள் என்று இரண்டு பிரிவுகளுமே நினைத்துக்கொண்டிருந்தன. யாரும் என்னை ஏமாற்ற நினைக்கவில்லை. அவர்களுக்குள்ளேயே அதை உட்கார்ந்து முடிவு செய்யவில்லை, அவ்வளவுதான். இன்டர்வியூவில் வேலை தெளிவில்லாமல் இருந்தால், பெரும்பாலும் காரணம் இப்படி ஏதாவது ஒன்றாகவே இருக்கும்: புதிய பதவி, சேர்த்துக் கட்டிய பதவி, அல்லது போனவர் ஏன் போனார் என்று யாரும் சொல்ல விரும்பாத பதவி. "இந்த இடத்தில் முன்பு யார் இருந்தார், அவர் இப்போது எங்கே?" என்று கேட்டால் எந்த வகை என்று ஓரளவு தெரிந்துவிடும்.

இரண்டு ஆள் வேலை என்று தெரிந்ததும் இன்னொன்று கேட்டேன்: "ஒரு சாதாரண வாரத்தில், என் நேரத்தில் எத்தனை சதவீதம் எதற்குப் போகும் சார்?" அவர் வாய்விட்டே கணக்குப் போட்டார். ரிப்போர்ட்டுக்கு அறுபது, புகார்களுக்கு நாற்பது, அந்த டீமின் வேலையை ஒருங்கிணைக்க ஒரு இருபது. சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். கூட்டினால் 120 வந்தது. பொறுப்புகளை வரிசையாக எழுதினால் பட்டியல் எவ்வளவு நீண்டாலும் யாருக்கும் உறுத்தாது. சதவீதம் போட்டால் நூறில் நின்றாக வேண்டும். எதைக் குறைப்பது என்பதை அவர்தான் விற்பனைத் தலைவரோடு பேசி முடிவு செய்ய வேண்டியிருந்தது. நான் எந்தப் பக்கமும் சாயவில்லை. பேசியதையெல்லாம் அன்று மாலையே சுருக்கமாக எழுதி, "நாம் பேசியதில் நான் குறித்துக்கொண்டவை இவை, விடுபட்டிருந்தால் சொல்லவும்" என்று அவருக்கும் ஹெச்.ஆர். அதிகாரிக்கும் அனுப்பினேன். போனில் கிடைக்கிற பதிலை இப்படி எழுத்தாக்கிவிட வேண்டும், அவர்களாக எழுதி அனுப்புவார்கள் என்று காத்திருக்கக் கூடாது.

திருத்திய ஜே.டி. ஆஃபர் லெட்டரோடு சேர்ந்தே வந்தது. ரிப்போர்ட்டுக்கும் தாமதக் கண்காணிப்புக்கும் 60 சதவீதம், புகார்களைப் பின்தொடர்வதற்கு 30, டீம் ஒருங்கிணைப்புக்கு 10. புகார்களில் வாடிக்கையாளரிடம் நேரடியாகப் பேசுவது விற்பனைப் பிரிவின் வேலை, உள்ளே காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை என்று பிரித்திருந்தார்கள். அப்ரைசல், விடுப்பு, முன்னுரிமை மூன்றும் ஆபரேஷன்ஸ் மேலாளரிடம். புகார்கள் விஷயத்தில் மட்டும் விற்பனைத் தலைவருக்குத் துணை ரிப்போர்ட்டிங். ஐந்து பேரும் எனக்கு ரிப்போர்ட் செய்யப்போவதில்லை என்பதும் தெளிவானது. இது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். டீம் நடத்திய அனுபவம் கிடைக்கும் என்று மனதில் ஒரு ஆசை வைத்திருந்தேன். ஆனால் சேர்ந்த பிறகு தெரிந்திருந்தால் அது ஏமாற்றத்தோடு நின்றிருக்காது.

கையெழுத்துப் போடும் முன் இரண்டு விஷயங்களைச் சரிபார்த்தேன். ஒன்று, ரிப்போர்ட்டிங் கட்டத்தில் ஆளின் பெயர் இல்லாமல் பதவியின் பெயர் இருக்கிறதா என்பது. ஆட்கள் மாறுவார்கள்; பெயரை எழுதிவிட்டு அந்த ஆள் போய்விட்டால், அந்த வரியே செல்லாததாகிவிடும். இரண்டாவது, ஆஃபர் லெட்டரில் அந்த ஜே.டி. குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்பது. தனியாக ஒரு மின்னஞ்சலில் இணைப்பாக வரும் ஜே.டி. பெரும்பாலும் வெறும் தகவலாகவே கருதப்படும். "இணைக்கப்பட்டுள்ள பணி விவரத்தின்படி" என்று ஒரு வரியை லெட்டரில் சேர்க்கக் கேட்டேன், தேதியோடு சேர்த்தார்கள். எந்தத் தேதியிட்ட ஜே.டி. என்பது முக்கியம், ஏனென்றால் பிறகு திருத்தப்பட்ட ஒன்று வந்தால் எது எப்போது மாறியது என்று தெரியும். இவ்வளவு செய்தாலும், நிறுவனம் தேவைக்கேற்பப் பணியை மாற்றலாம் என்கிற வாசகம் லெட்டரில் இருக்கத்தான் செய்யும். அதனால் அந்தக் காகிதம் வேலை மாறாமல் தடுக்காது. மாறும்போது, மாறுகிறது என்பதை இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்ள வைக்கும்.

சேர்ந்த பிறகு அது பயன்பட்டது. விற்பனைத் தலைவர் ஒருமுறை, இரண்டு நாள் வேலை பிடிக்கும் ஒரு விற்பனைக் கணக்கை வார ரிப்போர்ட் போகிற அன்றே கேட்டார். நான் ஜே.டி.யை எடுத்து நீட்டவில்லை, நீட்டவும் கூடாது என்பது என் கருத்து. "செய்துவிடலாம் சார், இன்று ரிப்போர்ட் போகிற நாள். எது முதலில் என்று ஆபரேஷன்ஸ் சாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடட்டுமா?" என்றேன். அவரே ஆபரேஷன்ஸ் மேலாளரிடம் பேசி, இரண்டு நாள் தள்ளிக் கேட்டார். யார் முடிவு செய்ய வேண்டும் என்பது ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் அங்கே மனக்கசப்பு வரவில்லை.

இப்படிக் கேட்டு எல்லா இடத்திலும் பதில் கிடைப்பதில்லை. வேறொரு நிறுவனத்தில் இதே மாதிரிக் கேட்டபோது, முதல் மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. நினைவூட்டியபோது, "இன்றைக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடுவோம்" என்று மட்டும் வந்தது. அந்த வேலையை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அப்போது கையில் ஒரு வேலை இருந்ததால் அப்படி மறுக்க முடிந்தது. கட்டாயத்தில் இருப்பவர்கள் மறுக்க முடியாது, மறுக்கவும் வேண்டாம். அவர்கள் சம்மதம் தெரிவிக்கும் மின்னஞ்சலிலேயே, "இன்ன பதவியாளருக்கு ரிப்போர்ட் செய்து, இன்ன வேலைகளை முதன்மையாகச் செய்வேன் என்ற புரிதலோடு ஏற்கிறேன்" என்று ஒரு வரி எழுதிவிடலாம். யாரும் மறுத்து எழுதாவிட்டால், அந்தத் தேதியில் நீங்கள் என்ன புரிந்துகொண்டு சேர்ந்தீர்கள் என்பதற்கு அது ஒரு பதிவு.

சின்ன நிறுவனங்களில் ஜே.டி. என்று ஒன்றே இருக்காது, முதலாளிதான் எல்லாம். அங்கே ஆவணம் கேட்டால் அவரும் திணறுவார், நமக்கும் எதுவும் கிடைக்காது. என் நண்பர் ஒருவர் அப்படி ஒரு இடத்தில் சேரும் முன், நான்கு வரியில் தன் வேலையையும், முதலாளி ஊரில் இல்லாத நாட்களில் யார் சொல்வதைக் கேட்க வேண்டும் என்ற கேள்வியையும் எழுதி அனுப்பினார். முதலாளி இரண்டாவது வரியை மட்டும் திருத்தி, தான் இல்லாதபோது கணக்காளரிடம் கேட்கச் சொல்லி, "மற்றதெல்லாம் சரி" என்று பதில் போட்டார். நண்பருக்குத் தேவையான பணி விவரம் அந்த ஒரு பதிலிலேயே கிடைத்துவிட்டது.